பருத் தழும்பு: கன்னத்தில் 19 அடையாளங்கள், சில மறைகின்றன, சில அசைவதே இல்லை. ஏன்?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு வயது 26. பதினெட்டு வயதில் ஆரம்பித்த பரு இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது. மாதம் ஒன்றிரண்டு வந்தால் அதிகம். ஆனால் இடது கன்னம் முழுக்கத் தழும்பு. மூன்று வருடமாக விதவிதமான கிரீம் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு கிரீம் போட்டால் நான்கைந்து தழும்பு மங்குகிறது, "ஆகா, இது வேலை செய்கிறது" என்று நினைப்பேன். மீதி அப்படியே இருக்கும். சரி, இன்னும் வலுவானது வேண்டும் போல என்று அடுத்ததை வாங்குவேன். அதுவும் அதே கதைதான்.

என் கேள்வி இதுதான்: ஒரே முகம், ஒரே பரு, ஒரே கிரீம். சில தழும்பு மட்டும் போவதும் சில போகாததும் எதனால்? நான் போடும் கிரீமின் வலு பற்றாதா, அல்லது இன்னும் பொறுமையாக இருக்க வேண்டுமா?

கதிரொளி77

சகோ, கிரீம் எல்லாம் மேல்தோலோடு நின்றுவிடும். அதனால்தான் போகவில்லை. டெர்மா ரோலர் வாங்குங்கள். ஊசி தோலில் சின்னச் சின்னக் காயம் செய்யும், அதை ஆற்ற உடம்பு தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைப் புதிதாகச் செய்யும், பள்ளம் மேலே வரும். நான் 0.5 மி.மீ. ரோலரை வாரம் ஒருமுறை வீட்டிலேயே உருட்டுகிறேன். மறுநாள் காலையில் பார்த்தாலே கன்னம் நிரம்பித் தெரியும்.

தேனருவி

நிலாமுற்றம், எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி உங்கள் கன்னத்தை நீங்களே சரியாகப் பாருங்கள். தோல் சிகிச்சைப் பிரிவில் பதினான்கு வருடம் செவிலியராக இருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் கேள்வியோடுதான் வருவார்கள். தழும்பு என்ற ஒரே சொல்லில் நீங்கள் இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று, நிறம் மாறிய தோல். பரு வீங்கியபோது அந்த இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடுதலாகக் கொட்டிவிட்டது, அல்லது நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்தபடியே நின்றுவிட்டன. தோலின் தளம் மட்டமாகத்தான் இருக்கும், கறை மட்டும் மிச்சம். இன்னொன்று, சதை குறைந்த தோல். பரு ஆழமாக இறங்கி அடித்தோலிலிருந்த கொலாஜனை அரித்துவிட்டது. ஆறும்போது அந்த இடம் முழுசாக நிரம்பவில்லை. முதலாவது கறை, இரண்டாவது குழி. கறையை மங்க வைக்கிற கிரீமுக்குக் குழியில் செய்வதற்கு வேலையே இல்லை. அதன் வலுவைக் கூட்டினாலும் பலன் வராது, எரிச்சல்தான் வரும்.

கண்ணாடியில் நேராகப் பார்த்தால் இரண்டும் கருப்பாகத்தான் தெரியும். குழிக்குள் விழும் நிழலையும் கறை என்றே கண் எடுத்துக்கொள்ளும். அதனால் இப்படிச் செய்யுங்கள்.

இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைக் காதுப் பக்கமாக, கன்னத்தின் உயரத்தில் வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது குழியின் ஓரத்தில் நிழல் நீளும். கறைக்கு நிழல் இருக்காது. அப்புறம் விளக்கை முகத்துக்கு நேரே கொண்டுவாருங்கள். அப்போது காணாமல் போகிற கருமை நிழல், அப்போதும் நிற்கிற கருமை நிறம்.

அடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்து மட்டமான அடையாளத்தின் மேல் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது நிறம் வெளிறி, விட்டதும் திரும்பினால் அது இரத்தக் குழாயின் சிவப்பு. அழுத்தினாலும் மாறாமல் இருந்தால் மெலனின். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் சிவப்பு சிவப்பாகவே தெரியாது, ஊதா கலந்த பழுப்பாக இருக்கும். எனவே கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசியாக, குழி என்று நினைக்கிற இடத்தின் இரு பக்கமும் விரல் வைத்துத் தோலை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். இழுத்தால் மட்டமாகிறதா, அப்படியே நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ஒரு தாளில் கன்னத்தை வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள்.

கதிரொளி, உங்களுக்கும் பதில் இருக்கிறது, வருகிறேன்.

பாதசாரி

நல்ல இழை. எனக்கும் தழும்புப் பிரச்சினைதான். தோளிலும் நெஞ்சிலும் பரு வந்து ஆறிய இடமெல்லாம் மேடாக, கெட்டியாக இருக்கிறது. சில நேரம் அரிக்கும். கதிரொளி சொன்ன ரோலரை இதற்கு உருட்டலாமா? கொலாஜன் வந்தால் சரியாகும்தானே?

தேனருவி

பாதசாரி, வேண்டவே வேண்டாம். உங்களுடையது நிலாமுற்றத்தின் பிரச்சினைக்கு நேர் எதிர். அங்கே கொலாஜன் பற்றவில்லை, உங்களுக்குத் தேவைக்கு மேல் வந்துவிட்டது. அதில் இன்னும் ஊசி குத்தினால் மேடு பெரிதாகும் வாய்ப்புதான் அதிகம். தோள், நெஞ்சு, தாடை ஓரம் மூன்றும் இப்படி மேடு கட்டும் இடங்கள். வீட்டில் செய்யக்கூடியது சிலிகோன் ஜெல் அல்லது சிலிகோன் ஷீட். நாளில் பாதி நேரத்துக்கு மேல் தோலில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். புதிய மேடுக்கு உதவும். பழையதற்கும், பருவின் எல்லையைத் தாண்டிப் பரவுகிறதற்கும் மருத்துவர் மேட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். அரிப்பு இருக்கிறது என்கிறீர்கள், சீக்கிரம் காட்டிவிடுங்கள்.

இதே சிலிகோன் ஜெல்லைக் குழிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். குழிக்கு அது எதுவும் செய்யாது.

தேனருவி

இப்போது கதிரொளிக்கு. நீங்கள் சொன்னதில் அடிப்படை சரி. ஊசிக் காயம் கொலாஜனைத் தூண்டும், மருத்துவமனையிலும் அந்தச் சிகிச்சை உண்டு. ஆழம்தான் பிரச்சினை. முகத்தின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். குழியின் வேர் அதற்கு வெகு கீழே, அடித்தோலின் ஆழத்தில் இருக்கிறது. கன்னத்துத் தழும்புக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் 1.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்குவார்கள். மரத்துப்போகும் கிரீம் தடவி, கிருமி நீக்கிய ஊசியை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி, சில வார இடைவெளியில் பல அமர்வுகளாகச் செய்வார்கள். அத்தனையும் செய்தும் குழி ஓரளவுதான் குறையும், மறையாது.

வீட்டு ரோலரின் ஊசி உருளும்போது சாய்வாக நுழைந்து சாய்வாக வெளியே வருகிறது. நேராகக் குத்தாமல் கொஞ்சம் கிழிக்கும். நான்கு முறை உருட்டினால் முனை மழுங்கும், இன்னும் கிழிக்கும். வழியில் ஒரு சீழ்ப்பரு இருந்தால் அதன் மேல் போன ஊசி அடுத்த இடத்திலும் இறங்கும். மறுநாள் கன்னம் நிரம்பித் தெரிகிறது என்றீர்களே, அது வீக்கம். கொலாஜன் ஒரே இரவில் வராது, மாதக்கணக்கு ஆகும். வீக்கம் வடிந்த ஐந்தாம் நாள் அதே விளக்கில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கதிரொளி77

அக்கா, சாய்வாக நுழைவது எனக்குத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எட்டு மாதமாக உருட்டுகிறேன், எனக்கு மொத்தமாகவே முகம் மேம்பட்டிருக்கிறது. வீக்கம் என்று மட்டும் சொல்லி அதைத் தள்ள முடியவில்லை.

தேனருவி

அந்த எட்டு மாதத்தில் வேறு ஏதாவது மாற்றினீர்களா?

கதிரொளி77

பருவுக்கான அடாபலீன் ஜெல் தினமும் போடுகிறேன். சன்ஸ்கிரீனும் ஆரம்பித்தேன். ஆனாலும் ரோலரால்தான் என்று என் எண்ணம்.

மாலைமேகம்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும். எனக்கு இருந்தது எல்லாமே மட்டமான கறை, ஒரு குழிகூட இல்லை. இப்போது இதைப் படித்த பிறகுதான் அது எவ்வளவு நல்ல நிலை என்று புரிகிறது. தோழி ஒருத்தி சொன்னாள் என்று ஒரு கலவை கிரீம் வாங்கிப் போட்டேன். மூன்றே வாரத்தில் கறையெல்லாம் மங்கி முகம் பளிச்சென்று ஆனது. அந்த மகிழ்ச்சியில் எட்டு மாதம் விடாமல் போட்டேன். வெயிலில் நின்றால் முகம் எரிய ஆரம்பித்தது. கன்னத்தில் நூல் போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. பயந்து நிறுத்தினேன். நிறுத்திய இரண்டாம் வாரம், வாழ்க்கையில் வராத அளவுக்குப் பரு வெடித்து வந்தது. அதில் நான்கு இப்போது குழியாக நிற்கின்றன. கறையைப் போக்கப் போய் குழியைச் சம்பாதித்தேன். தோல் மருத்துவர் டியூபைப் பார்த்ததும் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்றார்.

தேனருவி

மாலைமேகம், படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் போட்டது ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின் மூன்றும் சேர்ந்த கலவையாக இருக்கலாம். அது மங்கு போன்ற வேறு நோய்க்கு, சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுவது. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், நிறுத்தும்போது பரு திருப்பி அடிக்கும். டியூபின் மேல் சிறிய எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

நிலாமுற்றம்

அக்கா, நேற்றிரவு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். சுவர் பக்கம் விளக்கை வைத்து, ஸ்கேலும் பேனாவுமாக. என் முகத்தை இவ்வளவு நேரம் இப்படிப் பார்த்ததே இல்லை.

இடது கன்னத்தில் மொத்தம் 19. அதில் 11 மட்டமாக, பழுப்பாக, ஸ்கேலால் அழுத்தினாலும் மாறாமல் இருக்கின்றன. 3 அழுத்தினால் வெளிறுகின்றன. அவை மூன்றும் கடந்த நான்கைந்து மாதத்தில் வந்த பருவின் இடங்கள். மீதி 5 குழி. அதில் மூக்கை ஒட்டியிருக்கிற இரண்டு ரொம்பக் குறுகலானவை, ஊசியால் குத்தியது போல, ஸ்கேலில் ஒரு மி.மீ.கூட வரவில்லை. தோலை இழுத்தாலும் அப்படியே நிற்கின்றன. கன்னத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மூன்றும் ஐந்தாறு மி.மீ. அகலம், ஓரம் என்று தனியாக எதுவும் இல்லாமல் அலை மாதிரி இறங்கி ஏறுகின்றன. இழுத்தால் மறைந்துவிடுகின்றன!

மூன்று வருடமாக நான் "போகவே மாட்டேன் என்கிறது" என்று புலம்பிய தழும்புகள் கிட்டத்தட்ட இந்த ஐந்துதான். கிரீமால் போனதெல்லாம் அந்தப் பதினொன்றின் பழைய கூட்டாளிகள்.

இப்போது என்ன செய்ய?

தேனருவி

அருமையாகச் செய்திருக்கிறீர்கள்.

இழுத்தால் மறைகிற அந்த மூன்றுக்கும் அடியில் நார் போன்ற இழைகள் தோலைக் கீழிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. மெத்தையில் பொத்தான் தைத்த இடம் பள்ளமாக இருக்குமே, அதுபோல. பொத்தான் மேல் எதைத் தடவினாலும் பள்ளம் எழாது, நூலை அறுக்க வேண்டும். மருத்துவர் தோலுக்கு அடியில் ஊசியை நுழைத்து அந்த இழைகளை அறுப்பார். அதற்கு சப்சிஷன் என்று பெயர். மூக்கோரத்துக் குறுகிய இரண்டும் வேறு. அவை ஆழமான புனல்கள். அவற்றுக்குள் மட்டும் குச்சி முனையால் வலுவான டிசிஏ என்ற அமிலத்தை வைப்பார்கள், அல்லது அந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். இந்த ஐந்துக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை. அந்த அமிலத்தை இணையத்தில் வாங்கி வீட்டில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு துளி சிந்தினால் அந்த இடம் வெந்துவிடும், புதிய குழி அல்லது வெள்ளைத் தழும்பு வரும்.

பதினான்கு மட்டமான அடையாளங்களில்தான் உங்கள் கைக்கு வேலை. இரண்டே பொருள் போதும்.

காலையில் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிழிந்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் பற்றும். பலரும் இதில் கால்வாசி போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். முடிந்தால் தோல் நிறம் கலந்தது வாங்குங்கள். அதில் இரும்பு ஆக்சைடு இருக்கும். கறையை ஆழமாக்குவது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது.

இரவில் அடாபலீன் 0.1%. முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு, முகம் முழுவதற்கும் சேர்த்து. கறையின் மேல் மட்டும் புள்ளி வைக்க வேண்டாம். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும், மேலே மாய்ஸ்சரைசர். இது இரண்டு வேலை செய்கிறது: மேல்தோல் உதிர்ந்து புதுப்பிப்பதைச் சீராக்கிக் கறையை மேலேற்றி விடுகிறது, புதுப் பருவையும் தடுக்கிறது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வராத பரு குழியாகாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிருந்தாலோ அடாபலீன் வேண்டாம், அசிலாயிக் ஆசிட் பக்கம் போகலாம்.

எரிச்சல் வரவிடாதீர்கள். தோல் சிவந்து உரிகிற அளவுக்குப் போனால் அந்த எரிச்சலே புதிய கறை போடும்.

சிறுகல்

தேனருவி அக்கா சொன்னதில் ஒன்றைக் கொஞ்சம் திருத்த ஆசை. "வீட்டில் எதுவுமில்லை" என்பது ஆழமான, பழைய குழிக்குச் சரி. ஆனால் அடாபலீன் 0.3% பென்சாயில் பெராக்சைடு 2.5% சேர்ந்த ஜெல்லை ஆறு மாதம் போட்டுச் சோதித்ததில் குழிகளின் எண்ணிக்கை ஓரளவு குறைந்ததாக 2018இல் ஆய்வு வெளிவந்தது. முகத்தின் ஒரு பாதியில் மருந்து, மறு பாதியில் மருந்தில்லாத ஜெல் போட்டுச் செய்தது. மருந்தில்லாத பக்கம் குழி கூடிக்கொண்டே போனது.

தேனருவி

நியாயமான திருத்தம், சிறுகல். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குப் பரு நன்றாக வந்துகொண்டிருந்தது. புதிதாக உண்டாகும் குழிகள் கொஞ்ச மாதத்தில் தானாகவே சற்று நிரம்பும், அந்த ஆறும் காலத்தில் மருந்து கைகொடுத்திருக்கலாம். நான்கைந்து வருடப் பழைய குழியில் அதை எதிர்பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நிலாமுற்றம் (ஐந்து வாரம் கழித்து)

ஒரு தவறு செய்துவிட்டேன். இரண்டு வாரம் எந்த எரிச்சலும் இல்லை என்றதும் தினமும் போட ஆரம்பித்தேன். அதோடு வீட்டில் கிடந்த வைட்டமின் சி சீரமும், ஒரு நாள் எலுமிச்சைச் சாறும்கூட. நான்காம் வாரம் வாயோரமும் கன்னமும் எரிந்து உரிந்தது. இப்போது உரிந்த இடத்தில் புதிதாக ஒரு பழுப்புத் திட்டு, பருவே வராத இடத்தில்!

தேனருவி

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பத்து நாள் சோப்பில்லாத மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். தண்ணீர் பட்டாலே சுருக்கென்று இருக்கும் உணர்வு முழுசாகப் போனபின் அடாபலீனை வாரம் இரண்டு இரவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எலுமிச்சைச் சாறு தோலுக்குக் கடும் அமிலம், அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுக்கவும் செய்யும். திட்டுக்கு எதுவும் தனியாகப் போட வேண்டாம், மற்றதோடு சேர்ந்து மங்கும்.

நிலாமுற்றம் (நான்கு மாதம் கழித்து)

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, அதே விளக்கு, அதே நாற்காலி, நேர் வெளிச்சத்தில் ஒரு படம், பக்க வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தேன். இன்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழுப்பு 11இல் ஆறு தேடினாலும் தெரியவில்லை. மூன்று வெளுத்திருக்கின்றன. இரண்டு அசையவே இல்லை, அவற்றின் நிறமும் மற்றவை மாதிரி இல்லை, சாம்பல் கலந்த நீலம் போல. சிவப்பு மூன்றில் ஒன்று போய்விட்டது, இரண்டு இளஞ்சிவப்பாக இருக்கின்றன. எரிச்சலில் வந்த திட்டும் பாதி மங்கிவிட்டது.

குழி ஐந்து. ஐந்தும் இருக்கின்றன. ஆனால் ஒன்று, கன்னத்தில் இருக்கிற பெரியது, நேர் வெளிச்சத்தில் முன்னைவிட மேலோட்டமாகத் தெரிகிறது. பக்க வெளிச்சத்தில் பார்த்தால் ஆழம் அதே ஆழம். இது எப்படி?

தேனருவி

அந்தக் குழியின் விளிம்பிலும் அடியிலும் கறை இருந்திருக்கும். கறையும் நிழலும் சேர்ந்து இரட்டை ஆழமாகக் காட்டிக்கொண்டிருந்தன. கறை போனதும் நிழல் மட்டும் மிச்சம். குழிக்கு வீட்டுப் பராமரிப்பால் கிடைக்கிற பலன் பெரும்பாலும் இதுதான். பக்க வெளிச்சத்தில் படம் எடுத்தீர்களே, அதனால்தான் ஏமாறாமல் இருந்தீர்கள்.

நீலச் சாம்பல் இரண்டிலும் மெலனின் அடித்தோலுக்கு இறங்கிவிட்டது. உதிர்கிற அடுக்குக்குக் கீழே இருப்பதால் அடாபலீன் அதைத் தள்ளாது. வருடக்கணக்கில் தானாகக் கரையும், சில நிற்கவும் நிற்கும். சிவப்புக்கு நேரம்தான் முக்கிய மருந்து.

கதிரொளி77

நானும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் படம் எடுத்துப் பார்த்தேன். உருட்டுவதற்கு முந்தைய படத்துக்கும் அதற்கும் பக்க வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ரோலரை இரண்டு மாதம் நிறுத்தி, மற்றதைத் தொடர்ந்து பார்க்கிறேன். இன்னும் முழுசாக நம்பவில்லை, பார்க்கலாம்.

நிலாமுற்றம்

இப்போது அந்த ஐந்துக்காக மருத்துவரைப் பார்க்க நினைக்கிறேன். இப்போதே போகலாமா? பரு இன்னும் மாதம் ஒன்று வருகிறது.

தேனருவி

என்னைக் கேட்டால், மூன்று நான்கு மாதம் புதுப் பரு இல்லாமல் இருக்கட்டும். நிரப்பிய பக்கத்திலேயே புதுக் குழி விழுந்தால் பணமும் வலியும் வீண்.

சிறுகல்

இங்கே நான் உடன்பட மாட்டேன். "முழுசாக அடங்கட்டும்" என்று காத்திருந்து மூன்று வருடம் போனது எனக்கு. கடைசியில் பார்த்த மருத்துவர், மாதம் ஒன்றிரண்டு பரு இருந்தாலும் சப்சிஷனுக்குத் தடையில்லை என்றார். இரண்டு அமர்வு செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு வாரம் கன்னம் நீலம் பாரித்து வீங்கியிருந்தது, அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அலை போன்ற பள்ளங்கள் என் கண்ணுக்குப் பாதியாகக் குறைந்தன. குறுகிய குழிகளில் சப்சிஷனால் ஒன்றும் ஆகவில்லை, அவற்றுக்கு அமிலம் வைத்தார்கள்.

கடும் பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஆறு மாதம் எந்தச் சிகிச்சையும் கூடாது என்று முன்பு எல்லோரும் சொன்னார்கள். 2017இலிருந்து நிபுணர் குழுக்கள் பல சிகிச்சைகளுக்கு அவ்வளவு காத்திருப்பு தேவையில்லை என்று சொல்லிவருகின்றன. மருத்துவருக்கு மருத்துவர் இதில் கருத்து மாறுகிறது.

தேனருவி

மாறுகிறது, உண்மைதான். உங்கள் மருத்துவர் சொன்னதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவற்றில் காத்திருந்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பது என் அனுபவம், அவ்வளவே.

நிலாமுற்றம், போகும்போது அந்தத் தாளையும் பக்க வெளிச்சப் படங்களையும் எடுத்துப் போங்கள். முதல் பேச்சிலேயே ஐந்துக்கும் சேர்த்து ஒரே லேசர் என்று சொன்னால், இழுத்தால் மறைகிறவற்றுக்கும் மறையாதவற்றுக்கும் அதே சிகிச்சையா என்று கேளுங்கள். லேசர்தான் என்று முடிவானால், உங்கள் நிறத் தோலில் அது கறை போடும் வாய்ப்பு கூடுதல் என்பதால், தாடைக்குக் கீழே ஒரு சிறிய இடத்தில் முதலில் சோதித்து, ஆறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம் (மூன்று வாரம் கழித்து)

பார்த்துவிட்டேன். தாளை மேசையில் விரித்ததும் மருத்துவர் சிரித்துக்கொண்டே அதைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். தோலை அவரும் இழுத்துப் பார்த்தார், எண் போட்ட வரிசையிலேயே. கீழே மூன்றுக்கும் சப்சிஷன், இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை. மூக்கோரத்து இரண்டுக்கும் அமிலம், அதுவும் முதலில் ஒன்றில் மட்டும் வைத்து ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். லேசர் இப்போதைக்கு வேண்டாமாம். பருவைப் பற்றிக் கேட்டேன், மாதம் ஒன்று பரவாயில்லை என்றார், சிறுகல் பக்கம்! நீலச் சாம்பல் இரண்டையும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதல் அமர்வு அடுத்த மாதம். அதற்கு ஐந்து நாள் முன்பே அடாபலீனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

மாலைமேகம்

ஒன்றாம் தேதி படத்தை நிறுத்திவிடாதீர்கள் நிலாமுற்றம். எனக்கும் கீழே நான்கு இருக்கின்றன. நேற்று இழுத்துப் பார்த்தேன், மூன்று மறைகின்றன.